ஆட்டுக்குட்டியின் மணி ஏன் ஒலிக்கவில்லை

கேள்வி: நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்காகக் கீழே உள்ள பகுதியை எழுதினேன். கண்ணால் படிக்கும்போது குறை தெரியவில்லை. வாய்விட்டுப் படித்தால் பிள்ளைகள் நெளிகிறார்கள். “ஆட்டுக்குட்டி மிகுந்த ஏமாற்றம் அடைந்தது” என்ற வரியை ஒவ்வோர் இடத்திலும் திரும்ப வரவைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. எப்படித் திருத்துவது?

“மழை விட்ட மறுநாள் காலையில் கண்விழித்த ஆட்டுக்குட்டி, தன் கழுத்தில் கட்டப்பட்டிருந்த மணியின் ஓசை கேட்காததை உணர்ந்து கவலையடைந்தது. உடனே அது தோட்டத்திற்குச் சென்று பனைமரத்தினருகில் தேடியது. பனையோலைகள் காற்றில் அசைந்து எழுப்பிய சலசலப்பைக் கேட்டு அதுதான் தன் மணியோ என்று எண்ணி ஏமாந்தது. பின்னர் வாகை மரத்தடியில் காய்ந்த நெற்றுகள் எழுப்பிய ஒலியைக் கேட்டும் ஏமாற்றமடைந்தது. அதன் பிறகு சாலையில் சென்ற மாட்டுவண்டியின் பின்னால் ஓடியும் பயனில்லை. இறுதியில் களைப்படைந்து குளத்தில் தண்ணீர் குடித்தபோது, மணிக்குள் அடைத்திருந்த சேறு கரைந்து மணி ஒலிக்கத் தொடங்கியது.”

பதில்: நூலகங்களிலும் தொடக்கப்பள்ளிகளிலும் இருபது ஆண்டுகளாகக் கதை படித்து வருகிறேன், அதில் பாதிக் காலம் பிறர் எழுதிய சிறுவர் கதைகளைச் செப்பனிடும் வேலையும் பார்த்திருக்கிறேன். என் பழக்கமெல்லாம் பதினைந்து இருபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தோடுதான். மடியில் ஒரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு படிப்பது வேறு வகை. ஆகவே நான் சொல்வதில் சில அந்த இடத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

உங்கள் கதைக்குத் தாளத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, அது உள்ளேயே இருக்கிறது. ஒரு குட்டி மூன்று இடங்களில் மூன்று சத்தங்களைக் கேட்டு, மூன்றையும் தன் மணி என்று நினைக்கிறது. நான்காவது முறை உண்மையான மணி. தாத்தா பாட்டிகள் காலங்காலமாகச் சொல்லி வந்த கதைகளின் எலும்புக்கூடு இதுவேதான். ஆனால் அந்த மூன்று சத்தங்களையும் நீங்கள் பெயரெச்சங்களுக்கும் வினையெச்சங்களுக்கும் நடுவில் சிறைவைத்துவிட்டீர்கள். “பனையோலைகள் காற்றில் அசைந்து எழுப்பிய சலசலப்பைக் கேட்டு” என்ற தொடரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சத்தம் வந்து சேருவதற்குள் அது இன்னதன் சத்தம் என்பது தெரிந்துவிடுகிறது. வந்த பிறகும் அது சத்தமாக வருவதில்லை, “சலசலப்பு” என்று பெயர்ச்சொல்லாக மாறி, இரண்டாம் வேற்றுமை உருபையும் ஏற்றுக்கொண்டு, அலுவலகக் கடிதத்தில் வரும் சொல்லைப்போல் நிற்கிறது. வாகை நெற்றுக்கு நேர்ந்தது இதைவிட மோசம், அதன் சத்தம் வெறும் “ஒலி” ஆகிவிட்டது. மாட்டுவண்டிக்கு அதுவும் இல்லை. எனவே முதல் வேலை, சத்தத்தை வாக்கியத்திலிருந்து விடுவித்து, பொருளுக்கு முன்னால் தனியாக நிறுத்துவது. “சலசல, சலசல.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு படிப்பவர் ஒரு நொடி நிறுத்தலாம். அந்த ஒரு நொடியில் பிள்ளைகள் அது என்னவாக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்தது, எதைத் திரும்ப வரவைப்பது என்பது. நீங்கள் திரும்ப வரவைத்தது முடிவை. “ஏமாற்றம் அடைந்தது” என்று சொன்னதுமே அந்தக் கட்டம் முடிந்துபோகிறது, பிள்ளைகளுக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. மூன்று முறை சொன்னால் மூன்று முறை கதவைச் சாத்தியதுபோல் ஆகும். திரும்ப வர வேண்டியது எதிர்பார்ப்பு. குட்டி நின்று காதுகொடுக்கும் கணமும், “என் மணியா?” என்று அது கேட்கும் கேள்வியும் திரும்பத் திரும்ப வரலாம், ஏனென்றால் அவற்றின் விடை ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். ஒரே சொற்கள் வருவதால் பிள்ளைகள் சலிப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்பதில் ஐயமே இல்லாதபோதுதான் சலிக்கிறார்கள்.

மீண்டும் வரும் வரி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் நூலகத்தில், தொலைந்த குடையைப் பற்றி நானே எழுதிய கதையைப் படித்தேன். “எங்கே சென்று மறைந்துவிட்டதோ என் சின்னஞ்சிறு குடை” என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் வரி. ஐந்து முறை வந்தது. பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன், அவர்கள் சொன்னது “குடை!” என்ற ஒரே ஒரு சொல்லை. முன்னால் இருந்த அழகெல்லாம் எனக்காக நான் எழுதிக்கொண்டது. கூட்டமாக உட்கார்ந்திருக்கும் சிறு பிள்ளைகளின் வாய் பற்றிக்கொள்வது வரியின் கடைசிச் சொல்லைத்தான். அன்றிலிருந்து, பிள்ளைகள் சொல்ல வேண்டிய வரியை நான் மூன்று சொற்களுக்கு மேல் போகவிடுவதில்லை. அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டிய சொல்லைக் கடைசியில் வைத்துவிடுகிறேன்.

இனி வருவது தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய சிக்கல், பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். நாம் ஒரு தமிழில் எழுதுகிறோம், இன்னொரு தமிழில் பேசுகிறோம். அச்சில் “வந்தது” என்று இருப்பதை அம்மா “வந்துச்சு” என்று படிப்பாள், “பார்த்தாயா” என்பதைப் “பாத்தியா” என்பாள். அவள் தவறாகப் படிக்கவில்லை. குழந்தையிடம் கதை சொல்லும் வாய் தானாகவே பேச்சுக்கு மாறிக்கொள்கிறது. ஆனால் எழுத்துத் தமிழின் அசைகளை எண்ணி நீங்கள் கட்டிய தாளம் அந்த மாற்றத்தில் குலைந்துபோகும். “எங்கே சென்றாய் என் மணியே” என்பது எழுத்தில் ஒழுங்காக நடக்கும். “எங்க போன என் மணியே” என்று வாயில் மாறும்போது நொண்டும். ஆகவே மீண்டும் வரும் வரிகளுக்கு, இரண்டு தமிழிலும் ஏறக்குறைய மாறாமல் நிற்கும் சொற்களைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு. ஒலிக்குறிப்புச் சொற்கள் மாறாது: சலசல எங்கும் சலசலதான். பொருள்களின் பெயர்களில் பெரும்பாலானவை மாறாது. “என் மணியா?” என்ற கேள்வி எழுத்திலும் பேச்சிலும் ஒன்றே. உங்கள் “மிகுந்த ஏமாற்றம் அடைந்தது” என்பதோ பேச்சில் இருக்கவே முடியாத தொடர். அதைப் படிக்கும்போது படிப்பவரின் குரலே மாறி, பாடம் நடத்தும் குரலாகிவிடும்.

மாறும் சொற்களைத் தவிர்க்க முடியாத இடத்தில், ஒன்றுபோல் மாறும் சொற்களாகப் பார்த்துச் சேர்க்கலாம். குட்டி காதுகொடுக்கும் கணத்துக்கு நான் “நின்றது. கேட்டது.” என்று வைப்பேன். அசை பிரித்துப் பார்த்தால் நின்-றது, கேட்-டது இரண்டுமே நேர் நிரை, அதாவது கூவிளம். வாயில் அவை “நின்னுச்சு. கேட்டுச்சு.” என்று மாறும், நின்-னுச்-சு, கேட்-டுச்-சு இரண்டுமே அப்போது நேர் நேர் நேர் ஆகித் தேமாங்காயாக நிற்கும். சோடியாக மாறுவதால் எந்த வழியில் படித்தாலும் நடை கெடாது. “ஓடியது. நின்றது. கேட்டது.” என்று மூன்றாக அடுக்க எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஓ-டிய-து என்பது எழுத்தில் ஓர் அசை கூடுதல், முதல் படியிலேயே கால் இடறும். யாப்பு தெரிந்தால்தான் கதை எழுதலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தொடையில் தட்டிக்கொண்டே படித்தால் இடறுவது கைக்கே தெரிந்துவிடும்; ஏன் இடறுகிறது என்று கண்டுபிடிக்கும்போது அசை பிரிக்கத் தெரிந்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

விடை வரிக்கு நான் முதலில் எழுதிப் பார்த்தது “மணி இல்லை, பனை ஓலை.” இல்லை, ஓலை என்று முடிவுகள் ஒத்து ஒலித்தன, எனக்கும் பிடித்தது. ஆனால் அடுத்த கட்டத்தில் “மணி இல்லை, வாகை நெற்று” என்று வந்தபோது அந்த ஒத்திசை போய்விட்டது. முதல் முறை தற்செயலாக அமைந்த இயைபைக் காது ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளும், இரண்டாம் முறை அது கிடைக்காவிட்டால் ஏதோ தவறியதுபோல் உணரும். ஆகவே எல்லா இடத்திலும் இயைபு வேண்டும், அல்லது எங்குமே வேண்டாம். நெற்றுக்கும் வண்டிக்கும் இயைபு தேடி அலைந்து கதையை வளைப்பதைவிட, வரியின் உருவத்தை மாற்றினேன்: “ஓலை. பனை ஓலை.” “நெற்று. வாகை நெற்று.” “வண்டி. மாட்டு வண்டி.” ஒரு சொல் வருகிறது, உடனே அதே சொல் அடைமொழியோடு திரும்பி வருகிறது. அடைமொழியைப் படிப்பவர் சொன்னால் கடைசிச் சொல்லைப் பிள்ளைகள் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒரு நொடி முன்புதான் அதைக் கேட்டார்கள். தமிழில் வினை இல்லாமலே பெயரைப் பயனிலையாக வைத்து வாக்கியத்தை முடிக்க முடிவது இங்கே பெரிய உதவி. “அது பனையோலையாக இருந்தது” என்று எழுதினால் உரக்கச் சொல்ல வேண்டிய சொல் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஓலை, நெற்று, வண்டி மூன்றும் நேர் நேர், அதாவது தேமா. வாயில் மூன்றுக்கும் ஒரே எடை. கடைசியில் வரப்போகும் “மணி” மட்டும் ஒற்றை நிரையசை, சட்டென்று முடிந்துவிடும் சொல். “ஓலை. பனை ஓலை.” என்று மூன்று முறை கேட்டுப் பழகிய காதில் “மணி. என் மணி!” என்பது அதே அச்சில் வார்த்ததாகவும், ஆனால் துள்ளுவதாகவும் விழும். இதை நான் திட்டமிட்டேன் என்று சொன்னால் பொய். எழுதிய பிறகு, ஏன் நன்றாக இருக்கிறது என்று தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஒலிக்குறிப்புகளைத் தேர்ந்தெடுப்பதிலும் இப்படி ஒரு வேலை இருக்கிறது. சலசல, கலகல இரண்டும் முதலெழுத்தில் மட்டும் மாறுகின்றன. காற்றில் ஓலை எழுப்புவதும், காய்ந்த வாகை நெற்றுக்குள் விதைகள் குலுங்கி எழுப்புவதும் உண்மையில் நெருங்கிய சத்தங்கள்தான், ஆகவே சொற்களும் நெருங்கியிருப்பது பொருத்தம். வண்டிக்குக் “கடகட” என்று வரும்போது ஓசை கடினமாகிறது. ஆனால் மூன்றிலும் உயிர் அகரம்தான், மூன்றிலும் மெல்லினம் இல்லை. மணிக்கு “கிணிகிணி” என்று வைத்தால் முதன்முறையாக இகரமும் ணகரமும் வருகின்றன. உதடு விரிகிறது, ஒலி மூக்கில் ஏறுகிறது. இது வேறு சத்தம் என்று சொல்லாமலே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். மணிக்கும் “கணகண” என்று எழுதியிருந்தால் அந்த வேறுபாட்டில் பாதி போயிருக்கும். இன்னொன்று: இவை இரட்டைக்கிளவிகள், பிரித்தால் பொருள் தராதவை. அதனால் “சல சல” என்று இடம்விட்டு அச்சிடாமல் சேர்த்தே எழுதி, வேண்டுமானால் அந்தச் சேர்ந்த சொல்லை இரண்டு முறை போடுங்கள். இடம்விட்டால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை நடுவில் நின்று, தாளத்தைப் பிளந்துவிடும்.

வரிகளின் முடிவை ஒத்திசைக்கும் ஆசையைப் பொதுவாகவே கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, அஃறிணை ஒருமைக்கு அது பெரும்பாலும் “-து” என்று முடிகிறது. ஆட்டுக்குட்டியைப் பற்றி எதை எழுதினாலும் சென்றது, தேடியது, ஏமாந்தது, அடைந்தது என்று வரிசையாக இயைபு தானாகவே வந்துவிடும். உழைக்காமல் கிடைப்பதால் காது அதை மதிப்பதில்லை. உங்கள் பகுதி அலுப்பூட்டுவதற்கு இந்தத் “து” வரிசையும் ஒரு காரணம். தமிழ்க் காதுக்குச் சுவை வரியின் முன்பக்கத்தில்தான் அதிகம், மோனையிலும் எதுகையிலும். அதையும் ஊறுகாய் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வரியிலும் எதுகை வந்தால் அது பாட்டாகிவிடும்; பாட்டானதும் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுக் கை தட்டத் தொடங்குவார்கள்.

எத்தனை முறை திரும்ப வரலாம்? மூன்று முறை வந்து நான்காவதில் உடைவது நாட்டுப்புறக் கதைகளில் நன்றாகப் பழகிய அளவு, உங்கள் கதையும் இயல்பாகவே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒரு சொல்லை இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கலாம் என்று நன்னூல் எல்லை வகுக்கிறது. அது சொல்லடுக்குக்குச் சொன்னதே தவிரக் கதைக் கட்டங்களுக்கு அல்ல, இருந்தாலும் அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மூன்றைத் தாண்டியும் போகலாம், ஆனால் அப்போது வேறு இயந்திரம் வேண்டும். பெயரை மறந்த ஈயின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும்: “கொழு கொழு கன்றே, கன்றின் தாயே” என்று ஒரு சொல் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கி, சங்கிலியாக நீண்டுகொண்டே போகும். அங்கே பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பது, சங்கிலியை மறக்காமல் சொல்லி முடிக்கும் சவால். கடைசியில் குதிரை கனைக்கும்போது அந்தக் கனைப்பே “ஈ” என்று விடையாகிவிடுகிறது. உங்கள் கதை அந்த வகை அல்ல. இதில் நான்காவது பொய்ச் சத்தத்தைச் சேர்த்தால் இழுப்பாகத்தான் இருக்கும்.

முழுப் பகுதியையும் நான் இப்படி மாற்றுவேன்:

ராத்திரி எல்லாம் மழை. கொட்டில் எல்லாம் சேறு.
காலில் சேறு, வாலில் சேறு, கழுத்திலும் சேறு.
விடிந்ததும் ஆட்டுக்குட்டி எழுந்து தலையை ஆட்டியது. சத்தமே வரவில்லை.
“ஐயோ, என் மணி!”

ஆட்டுக்குட்டி துள்ளித் துள்ளிப் போனது.
நின்றது. கேட்டது.
சலசல, சலசல.
“என் மணியா?”
ஓலை. பனை ஓலை.

ஆட்டுக்குட்டி துள்ளித் துள்ளிப் போனது.
நின்றது. கேட்டது.
கலகல, கலகல.
“என் மணியா?”
நெற்று. வாகை நெற்று.

ஆட்டுக்குட்டி துள்ளித் துள்ளிப் போனது.
நின்றது. கேட்டது.
கடகட, கடகட.
“என் மணியா?”
வண்டி. மாட்டு வண்டி.

ஆட்டுக்குட்டி மெல்ல மெல்லப் போனது.
நின்றது. கேட்டது.
ஒரு சத்தமும் இல்லை.
எதிரே குளம். தாகமோ தாகம்.
ஆட்டுக்குட்டி கரையில் நின்று, குனிந்து குனிந்து தண்ணீர் குடிக்கக் குடிக்க, கழுத்தில் அப்பியிருந்த சேறெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கலங்கி, தண்ணீரோடு தண்ணீராகப் போனது.
தலையை நிமிர்த்தி ஓர் உலுக்கு உலுக்கியது.
கிணிகிணி, கிணிகிணி.
“என் மணியா?”
மணி. என் மணி!

கதையில் நான் மாற்றிய ஒரே செய்தி சேற்றின் இடம். உங்கள் பகுதியில் அது கடைசி வாக்கியத்தில்தான் முதன்முதலாக வருகிறது, அதனால் விடை வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கிறது. இரண்டாம் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டேன். காலில், வாலில் என்ற எதுகை காதைத் தாலாட்டிக்கொண்டு போகும்போது “கழுத்திலும்” நீளமாக வந்து அந்த ஒழுங்கைச் சற்றே கலைக்கிறது. முதல் முறை கேட்கும் பிள்ளை கடந்து போய்விடும், இரண்டாம் முறை படிக்கும்போது யாராவது ஒரு பிள்ளை அங்கேயே “மணிக்குள்ள சேறு!” என்று காட்டிக்கொடுத்துவிடும். அது நடந்தால் கதை வேலை செய்கிறது என்று பொருள்.

குளத்தங்கரையில் ஒரு வாக்கியத்தை நீளமாக விட்டிருப்பது மறதியால் அல்ல. அதுவரை பெரும்பாலும் சின்னச் சின்ன வாக்கியங்கள். அப்படியே கடைசி வரை போனால் அதுவும் சுத்தியல் அடிபோல் ஆகும். அடி நின்று, ஒரே மூச்சில் நீண்டு, கரைவதும் கலங்குவதும் நிதானமாக நடந்து முடிந்த பிறகு “கிணிகிணி” வந்தால்தான் அது எழுந்து நிற்கும். நான்காவது கட்டத்தில் சத்தம் வர வேண்டிய இடத்தில் சத்தம் இல்லாததும், துள்ளித் துள்ளி மெல்ல மெல்ல ஆனதும் இதே நோக்கத்துக்குத்தான்: மூன்று முறை நிறைந்த இடம் காலியாக இருப்பதைக் காது உடனே கவனிக்கும். படிப்பவர் “ஒரு சத்தமும் இல்லை” என்ற பிறகு இரண்டு நொடி உண்மையிலேயே சும்மா இருக்க வேண்டும். பலர் பயந்து அந்த அமைதியை நிரப்பிவிடுகிறார்கள்.

கவலை, ஏமாற்றம், களைப்பு என்ற மூன்று சொற்களையும் எடுத்துவிட்டேன். துள்ளல் மெல்ல மெல்ல ஆகும்போது களைப்பும் ஏமாற்றமும் நடையிலேயே வந்துவிடுகின்றன. “பனைமரத்தினருகில்” போன்ற நீளச் சேர்க்கைகளும் போய்விட்டன. வாய்விட்டுப் படிப்பவர் அவற்றை எங்கே பிரிப்பது என்று கண்ணால் தேடும் அந்தக் கால்நொடியில் தாளம் அறுந்துவிடும். “துள்ளித் துள்ளிப் போனது” என்பதில் ஒற்றுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தத் “த்”தும் “ப்”பும் எழுத்துப் பிழைக்குப் பயந்து போடுபவை அல்ல, வாய்க்குத் தாளம் அங்கேதான் இருக்கிறது.

இனி, எனக்கு உறுதி இல்லாதவை. “என் மணியா?” என்ற கேள்விக்குப் பிறகு “இல்லை” என்று அச்சிடலாமா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனம். நான் அச்சிடவில்லை; கூட்டத்தில் பிள்ளைகளே “இல்ல!” என்று கத்திவிடுவார்கள் என்பதால் அந்த இடத்தை அவர்களுக்கு விட்டிருக்கிறேன். வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் இல்லாதது குறையாகப் படலாம். அதேபோல், கதை சொல்பவரின் வரிகளை எழுத்துத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். “நின்னுச்சு” என்றே அச்சிட வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் பேச்சு வடிவம் ஊருக்கு ஊர் மாறும், ஒரு வட்டாரத்துக்கு இனிப்பது இன்னொன்றுக்குத் தடுக்கும். எழுத்து வடிவத்தைக் கொடுத்தால் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு, இதை விதியாகச் சொல்ல மாட்டேன். படங்களோடு புத்தகமாக்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: சத்தமும் கேள்வியும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும், ஓலையும் நெற்றும் வண்டியும் பக்கத்தைத் திருப்பிய பிறகு வரட்டும். ஒரே பக்கத்தில் பனைமரத்தை வரைந்துவிட்டால் பிள்ளையின் கண் காதை முந்திவிடும், கேட்ட கேள்வி வீணாகும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நீங்களே படித்துப் பார்ப்பது போதாது. எழுதியவர் குரலால் எல்லாக் குறையையும் மூடிவிடுவார், என் குடைக் கதையை வீட்டில் நான் படித்தபோதும் அது அருமையாகத்தான் இருந்தது. கதையை முன்பே பார்த்திராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, முதல் பார்வையிலேயே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் திரும்பிப் போய்ப் படித்த இடங்கள், அவர் தானாக மாற்றிச் சொன்ன சொற்கள், மூச்சு வாங்கிய இடங்கள் ஆகிய மூன்றையும் உங்கள் பிரதியில் குறியுங்கள். மூச்சு நிறுத்தற்குறியில் விழாமல் சொல்லுக்கு நடுவே விழுந்தால் அந்த வாக்கியம் நீளம். அவர் மாற்றிச் சொன்ன சொல் மீண்டும் வரும் வரியில் இருந்தால், அவர் சொன்னதையே எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நல்லது.

பிறகு பிள்ளைகளோடு. இரண்டாவது “நின்றது. கேட்டது.” வரும்போது சில உதடுகள் அசைய வேண்டும், மூன்றாவதில் “என் மணியா?” கூட்டமாக வர வேண்டும். மூன்றாவதிலும் வராவிட்டால் பிள்ளைகளைக் குறை சொல்லாமல், சத்தத்துக்கு முந்தைய “நின்றது. கேட்டது.” வரியைப் பாருங்கள். அவர்களுக்குச் சைகை கொடுப்பது அந்த வரிதான், ஒவ்வொரு முறையும் அது எழுத்து மாறாமல் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒருமுறை “நின்றது, கேட்டது” என்றும் மறுமுறை “நின்று கேட்டது” என்றும் எழுதியிருப்பீர்கள். கண்ணுக்கு அது ஒன்றுபோலத்தான் தெரியும்.